கடைசி டேபிள் எழுந்த பிறகு: ஹோட்டல் இரவுப் பணியில் பாதுகாப்பு எங்கே அறுபடுகிறது

உணவகத்தின் கதவில் ‘இரவு 11.30 வரை’ என்று எழுதியிருக்கும். ரோஸ்டரில் க்ளோசிங் ஷிப்ட் 11.45-க்கு முடியும். கேப் 12 மணிக்கு வரும். காகிதத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே வேலை செய்யும் பெண்கள் உண்மையில் வாசலைத் தாண்டுவது ஒரு மணிக்குச் சற்று முன்னால். ஹோட்டல், உணவகங்களில் பெண்களின் இரவுப் பணிப் பாதுகாப்பு பெரும்பாலும் அறுபடுவது இந்த ஒரு மணி நேர இடைவெளியில்தான். வண்டி ஏற்பாடு, ஆள் ஏற்பாடு, புகார் வழி மூன்றையும் தனித்தனித் துறைகள் தனித்தனியாகப் பார்ப்பதால் இந்த இடைவெளி யார் கண்ணிலும் படுவதில்லை.

அந்த ஒரு மணி நேரம் எங்கே போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எழுபது இருக்கைகள் உள்ள உணவகம். லாஸ்ட் ஆர்டர் 11 மணிக்கு. கடைசி டேபிளில் இருப்பவர்கள் இனிப்பு சாப்பிட்டு, பில்லைப் பிரித்துக் கேட்டு, கார்டு மெஷினில் இரண்டு முறை முயன்று எழும்போது 11.55. கடைசி பில் முடிந்த பிறகுதான் கேஷியர் பணத்தை எண்ணத் தொடங்க முடியும். கணக்குப் பொருந்தினால் அரை மணி, பொருந்தாவிட்டால் முக்கால் மணி. அதே நேரத்தில் பரிமாறுபவர்கள் மேசைகளைத் துடைத்து, கட்லரியைத் தேய்த்து எண்ணி வைப்பார்கள். சமையலறையில் கழுவும் வேலை 12.40 வரை இழுக்கும். உடை மாற்றப் பத்து நிமிடம். ஆக மணி 12.50.

கேப் வந்ததோ 12 மணிக்கு. அந்த டிரைவருக்கு ஒரு மணிக்கு வேறு டிரிப் இருக்கிறது. 12.20-க்குப் பரிமாறும் பெண்கள் இருவர் தயாராகிவிடுகிறார்கள். ‘ரெடியா இருக்கிறவங்க ஏறுங்க’ என்று அவர் கிளம்பிவிடுகிறார். மிச்சம் நிற்பது கேஷியரும் சமையலறை உதவியாளரும். மேனேஜர் தன் போனில் வாடகை வண்டி ஒன்றைப் பிடித்துத் தருகிறார், அல்லது ‘நாளைக்கு பில் குடுங்க, காசு வாங்கிக்கலாம்’ என்கிறார். அந்த வண்டி யாருடையது, எப்போது ஏறினார்கள், எப்போது இறங்கினார்கள் என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. நிறுவனம் வண்டி தந்தது என்ற கணக்கு மட்டும் சரியாக இருக்கும்.

இதைச் சரிசெய்ய முதலில் அளக்க வேண்டும். பதினான்கு இரவுகள், ஒவ்வொரு இரவும் கடைசியாகக் கிளம்பியவர் வாசலைத் தாண்டிய நேரத்தைக் குறித்தாலே போதும். கிடைக்கும் நேரங்கள் 12.20 முதல் 1.10 வரை பரந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 12.40 வருகிறது என்று வண்டியை 12.40-க்குச் சொன்னால், ஏறக்குறைய பாதி இரவுகளில் யாராவது ஒருவர் விடுபட்டுப் போவார். பத்து இரவுகளில் ஒன்பதைத் தாங்கும் நேரத்துக்கு, அதாவது 12.55-க்கு வண்டியை வைக்க வேண்டும். பெரிய விருந்து முன்பதிவு இருக்கும் நாளுக்கு அதைவிடத் தாமதமாக. எல்லோரும் ஏறாமல் வண்டி நகரக்கூடாது என்பது டிரைவரோடு போடும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். காத்திருப்புக் கட்டணம் பேசாத ஒப்பந்தத்தில் டிரைவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

முன்கூட்டி முடித்தவர்கள் 12.20-லிருந்து 12.55 வரை எங்கே இருப்பார்கள்? பல இடங்களில் வேலை முடிந்ததும் பஞ்ச் அடிக்கச் சொல்லி, பின்வாசல் வழியாக வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். கூடுதல் நேரத்துக்குக் கூலி தர வேண்டாம் என்ற சிக்கனம் அது. பின்வாசல் என்பது குப்பைத் தொட்டியும் சரக்கு இறக்கும் இடமும் இருக்கும் சந்து. ஹோட்டலிலேயே வெளிச்சம் குறைந்த இடம். பஞ்ச் மெஷினை வண்டிக் கதவுக்கு மாற்றுவதுதான் இதற்கு மருந்து. வண்டி வந்து நின்ற பிறகு பஞ்ச் அடிப்பது, அதுவரை உள்ளே உட்கார்ந்திருப்பது, அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டு என்பது. காசு போகிறது என்றால் க்ளோசிங் வேலையைச் சுருக்க நிர்வாகமே வழி தேடும். கட்லரி எண்ணுவதைக் காலை ஷிப்டுக்குத் தள்ளுவது அப்படித்தான் தோன்றும்.

யார் எங்கே இறங்குவது

வண்டி சரியான நேரத்துக்கு வந்தாலும் வரிசைக் கேள்வி இருக்கிறது. பாதை போடும் மென்பொருள் தூரத்தைப் பார்க்குமே தவிர, வண்டிக்குள் யார் தனியாக மிஞ்சுகிறார் என்று பார்க்காது. ‘பெண் தனியாகக் கடைசியாக இறங்கக்கூடாது’ என்று விதி எழுதி வைக்கிறார்கள். நால்வரும் பெண்கள் என்றால் யாரோ ஒருவர் கடைசியாக இறங்கித்தானே ஆக வேண்டும்?

நம் உணவகத்தின் நால்வரையே எடுத்துக்கொள்வோம். இருவர் வடக்கே, 4 மற்றும் 11 கிலோமீட்டரில். இருவர் தெற்கே, 5 மற்றும் 14 கிலோமீட்டரில். ஒரே வண்டி வடக்கே போய் இருவரை இறக்கித் திரும்பி வந்து தெற்கே போனால் மொத்தம் 36 கிலோமீட்டர். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். 12.55-க்குக் கிளம்பினால் கடைசிப் பெண் வீடு சேர 2.10 ஆகும், அதில் கடைசி 9 கிலோமீட்டர் டிரைவரோடு தனியாக. இரண்டு வண்டிகள் போட்டால் அவர் 1.25-க்கே வீட்டில் இருப்பார். ஆனால் இரண்டு வண்டியிலும் ஒருவர் நீண்ட தூரம் தனியாகவே போவார்: வடக்கே 7 கிலோமீட்டர், தெற்கே 9 கிலோமீட்டர்.

கூட ஒரு காவலரை ஏற்றி அனுப்புவது ஒரு வழி. பல நிறுவனங்கள் அதைச் செய்கின்றன. சரியாகச் செய்தால் நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு காவலர் என்றால், நள்ளிரவுக்குப் பிறகு கட்டடத்தில் இருக்க வேண்டிய காவலர்தான் வண்டியில் ஏறிப் போவார். ஓட்டையை ஓரிடத்தில் அடைத்து இன்னோரிடத்தில் திறப்பது அது.

இதைவிட மலிவான, அதிகம் யோசிக்கப்படாத வழி ரோஸ்டரில் இருக்கிறது. க்ளோசிங் வேலையைத் திசை பார்த்துப் போடுவது. தெற்கே 13 கிலோமீட்டரில் இன்னொரு ஊழியர் இருக்கிறார், அவர் வேறு நாளில் க்ளோசிங் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தெற்குப் பக்கத்து மூவரும் ஒரே இரவில் க்ளோசிங் பார்த்தால் ஒரே வண்டி 5, 13, 14 என்று இறக்கிக்கொண்டு போகும். தனியாக மிஞ்சும் தூரம் ஒரு கிலோமீட்டர், இரண்டு நிமிடம். வடக்குக் குழுவுக்கு வேறு இரவுகள். அந்த இரவுகளில் மற்றப் பக்கத்துப் பெண்கள் பொதுப் போக்குவரத்து இருக்கும்போதே கிளம்பும் ஷிப்டில் இருப்பார்கள். ரோஸ்டர் எழுதும் மேற்பார்வையாளருக்கு யார் எந்தத் திசை என்று தெரிந்திருந்தால் போதும். பெரும்பாலும் அந்தத் தகவல் போக்குவரத்துப் பிரிவில் இருக்கும், அவரிடம் இருக்காது. விடுப்பு, ஆள் மாற்றம் வரும்போது இந்த ஏற்பாடு குலையும் என்பதும் உண்மை. ஷிப்ட் மாற்றிக்கொள்ள இருவர் சம்மதித்தாலே போதாது, அன்றைய வண்டி வரிசையையும் பார்த்த பிறகுதான் அனுமதி என்று வைத்தால் பெரும்பாலும் தாங்கும்.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1990-இல் இரவுப் பணி பற்றிக் கொண்டுவந்த 171-ஆம் உடன்படிக்கையோடு வந்த 178-ஆம் பரிந்துரை ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. இரவுப் பணி தொடங்கும், முடியும் நேரங்களை உள்ளூர்ப் போக்குவரத்து நேரங்களோடு பொருத்துவது, பொதுப் போக்குவரத்து இல்லாத இடத்தில் முதலாளியே கூட்டாக வண்டி ஏற்பாடு செய்வது. நேரத்தைப் பொருத்துவது முதலில் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நடைமுறையில் நாம் அதைத் தாண்டி நேராக வண்டிக்குப் போய்விடுகிறோம்.

இறக்கிவிட்ட பிறகும் ஒரு சிறு வேலை பாக்கி இருக்கிறது. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தும் வரை வண்டி நிற்க வேண்டும். அவர் ‘சேர்ந்தாச்சு’ என்று ஒரு செய்தி அனுப்ப வேண்டும். அந்தச் செய்தியை விழித்திருக்கும் ஒருவர் பார்க்க வேண்டும். பிசகுவது பெரும்பாலும் மூன்றாவதில். குழுவில் செய்தி போடுகிறார்கள். மேனேஜர் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டார். தங்கும் ஹோட்டல் என்றால் ரிசப்ஷனில் பெயர்ப் பட்டியல் இருக்கட்டும். நான்கு பெயருக்கும் டிக் விழும் வரை அன்றைய க்ளோசிங் முடிந்ததாகாது. தனி உணவகம் என்றால் க்ளோசிங் மேனேஜரின் பணி நேரமே கடைசிச் செய்தி வரும் வரை என்று இருக்க வேண்டும், சம்பளத்தோடு. எதிர்பார்த்த நேரம் தாண்டிப் பத்து நிமிடத்தில் செய்தி இல்லையென்றால் அந்தப் பெண்ணுக்கு அழைப்பு. எடுக்கவில்லையென்றால் டிரைவருக்கு அழைப்பும், வண்டி எங்கே நிற்கிறது என்று பார்ப்பதும். அதற்கும் விடை இல்லையென்றால் காவல் துறை. இந்த மூன்று படிகளையும் அந்த மேசையில் ஒட்டி வைக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு யாரும் கையேட்டைப் புரட்டுவதில்லை.

இங்கேயே இன்னொன்று. பெண்களின் பெயர், போன் எண், வீட்டு முகவரி மூன்றையும் அச்சடித்து டிரைவரிடம் கொடுப்பது வழக்கமாக இருக்கிறது. அந்தத் தாள் வாரக்கணக்கில் டேஷ்போர்டில் கிடக்கும். அதற்குப் பிறகு வரும் தெரியாத அழைப்புகளுக்கு யாரைக் கேட்பது? டிரைவருக்குத் தேவை அன்றைய இறங்கும் இடங்களின் வரிசை மட்டுமே. பேச வேண்டியதை ரிசப்ஷன் வழியாகப் பேசலாம்.

நள்ளிரவுக்குப் பிறகு கட்டடத்துக்குள்

தங்கும் ஹோட்டலில் பிரச்சினை வேறு வடிவம் எடுக்கிறது. இரவு 11 முதல் காலை 7 வரை, நூறு அறைகள் உள்ள ஒரு ஹோட்டலில் இருப்பவர்கள் ரிசப்ஷனில் ஒருவர், நைட் ஆடிட்டர் ஒருவர், ஹவுஸ்கீப்பிங்கில் ஒருவர், இரண்டு செக்யூரிட்டி, ஒரு மின்பணியாளர் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேர் போதும் என்று தோன்றும். ஆனால் ஆறு பேரும் ஆறு இடத்தில் இருக்கிறார்கள். நைட் ஆடிட்டர் உள்ளறையில் அன்றைய கணக்கை முடிக்கிறார். ஒரு செக்யூரிட்டி வாசலிலும் வாகன நிறுத்துமிடத்திலும். இன்னொருவர் எல்லா மாடிகளையும் சுற்றிவர அரை மணிக்கு மேல் எடுத்துக்கொள்கிறார். மின்பணியாளர் அடித்தளத்தில். அந்த அரை மணியில் வாசல் காவலர் கழிப்பறைக்குப் போனால் லாபியில் ரிசப்ஷன் பெண் மட்டும்.

எனவே ‘எத்தனை பேர்’ என்று கேட்டால் தவறான விடைதான் கிடைக்கும். ஒருவர் சாப்பிடவோ, சுற்றவோ, கழிப்பறைக்கோ போகும்போது யார் யாருடைய பார்வையில் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். நைட் ஆடிட்டரின் மேசையை ரிசப்ஷன் தெரியும் இடத்துக்கு நகர்த்தினாலே, செலவில்லாமல், மிக நீண்ட தனிமை நேரம் காணாமல் போகும். காவலர் சுற்றும் நேரத்தில் ஒருவரின் உணவு இடைவேளை வராமல் பார்த்துக்கொள்வது அடுத்தது.

அறைக்குப் போகும் வேலைக்குத் தனி ஒழுங்கு வேண்டும். இரவு 1.30-க்கு ஓர் அறையிலிருந்து இரண்டு டவல் கேட்கிறார்கள். ஹவுஸ்கீப்பிங்கில் அந்த நேரத்தில் ஒரே ஒரு பெண். அவர் போய்க் கதவைத் தட்டுகிறார். உள்ளிருந்து ‘உள்ளே வெச்சிட்டுப் போங்க’ என்று குரல் வருகிறது. அறை வாசலைத் தாண்டாதது முதல் விதி: பொருளைக் கதவருகே வைத்து, தட்டிச் சொல்லிவிட்டு, விலகி நிற்பது. உள்ளே போய்த்தான் ஆக வேண்டிய வேலை, உதாரணமாகக் கொட்டிய தண்ணீரைத் துடைப்பது, என்றால் இருவராகப் போவது. இரண்டாமவர் இல்லையென்றால் விருந்தினரை வேறு அறைக்கு மாற்றிவிட்டுக் காலையில் சுத்தம் செய்வது. ‘விருந்தினருக்குக் கோபம் வருமே’ என்று ஊழியர் யோசிக்க வேண்டிய நிலை வரக்கூடாது. ரிசப்ஷனில் அழைப்பை எடுக்கும்போதே ‘பன்னிரண்டு மணிக்கு மேல் பொருட்களை வாசலில் வைத்துவிடுவோம்’ என்று சொல்லிவிட்டால், வாசலில் நின்று அந்தப் பெண் விளக்க வேண்டியதில்லை.

அவசரப் பொத்தான்கள் பற்றி நிறைய விளம்பரம் இருக்கிறது. ஊழியர் சங்கங்கள் போராடிப் பெற்ற பொருள் அது. நியூயார்க் ஹோட்டல் ஊழியர்களின் 2012 ஒப்பந்தத்தில் இடம்பெற்றது. சியாட்டிலில் 2016-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்தார்கள். சிகாகோ நகரமன்றம் 2017-இல் சட்டமாக்கியது. பொத்தான் இருப்பதும் பொத்தான் வேலை செய்வதும் வேறு வேறு. வெறும் ஜிபிஎஸ் வைத்த கருவி கட்டடத்துக்குள் எந்த மாடி என்று சொல்லாது. மாடிக்கு மாடி, அறைக்கு அருகில் பொருத்திய ப்ளூடூத் கருவிகளோ அதுபோன்ற ஏற்பாடோ இருந்தால்தான் ‘ஏழாவது மாடி, 712 அருகில்’ என்று வரும். சிக்னல் வழக்கமாக விழுந்துபோகும் இடங்கள் அவசரப் படிக்கட்டு, சரக்கு லிஃப்ட், அடித்தளச் சலவை அறை, உடை மாற்றும் அறை. மாதம் ஒருமுறை, இரவு ஷிப்டில், இந்த நான்கு இடத்திலும் நின்று அழுத்திப் பார்த்து, ஆள் வந்து சேர எத்தனை நிமிடம் ஆனது என்று எழுத வேண்டும். பகலில் சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும், ஏனென்றால் பகலில் ஆள் இருக்கிறார்கள். இந்தச் சோதனையில் அடிக்கடி வெளிப்படும் உண்மை கொஞ்சம் சங்கடமானது: பொத்தானை அழுத்தினால் மணி அடிப்பது ரிசப்ஷனில், அங்கே நகர முடியாமல் தனியாக நிற்பது இன்னொரு பெண்.

புகார் வழி எந்த நேரத்துக்கு எழுதப்பட்டது

அறிவிப்புப் பலகையில் புகார்களை விசாரிக்கும் குழுவினரின் பெயர்கள், ஒரு மின்னஞ்சல், ஓர் எண். அந்த எண்ணை எடுக்கும் மனிதவளத் துறை காலை பத்து முதல் மாலை ஆறு வரை. இரவுப் பணியாளர் அந்த நேரம் முழுக்கத் தூங்குகிறார். புகார் இல்லை என்று நிர்வாகம் சொல்வதில் பாதி, கேட்க ஆள் இல்லை என்பதுதான்.

புகார் வழியை வேகத்தை வைத்துப் பிரித்தால் தெளிவாகும். முதலாவது நிமிடக் கணக்கில்: இப்போது ஆபத்து, யாராவது வர வேண்டும். அதற்குப் பொத்தானும் காவலரும். இரண்டாவது விடிவதற்குள்: இந்த விருந்தினர் இன்னும் ஐந்து மணி நேரம் இங்கே இருக்கப் போகிறார், இந்த டிரைவர்தான் மறுபடி வரப் போகிறார், என்ன செய்வது? மூன்றாவது வாரக் கணக்கில்: விசாரணை, தண்டனை. சட்டங்களும் குழுக்களும் மூன்றாவதைப் பார்க்கின்றன. முதலாவதற்குக் கருவி விற்கிறார்கள். நடுவில் இருப்பதற்குத்தான் ஆளில்லை.

அந்த நடு வழிக்கு இரவு டியூட்டி மேனேஜருக்கு எழுத்தில் அதிகாரம் வேண்டும். விருந்தினருக்கு மது பரிமாறுவதை நிறுத்துவது, அந்த அறைக்கு ஊழியர் யாரும் போகவேண்டாம் என்று உத்தரவிடுவது, தேவைப்பட்டால் தங்கலை முடித்து வெளியேற்றுவது, வண்டியை மாற்றுவது. ‘ஜி.எம்.மைக் கேட்டுச் சொல்றேன்’ என்று அவர் சொல்ல நேர்ந்தால் விடியும் வரை எதுவும் நடக்காது. புகார் அவர் மேலேயே இருந்தால்? அதற்காக, அதே கட்டடத்தில் இல்லாத, இரவில் போன் எடுக்கும் முறை இருக்கும் இன்னொருவர் வேண்டும். பல கிளைகள் உள்ள நிறுவனத்துக்கு இது எளிது. தனி உணவகத்தில் உரிமையாளரே அந்த இன்னொருவர். அவரே மேனேஜராகவும் இருந்தால், உள்வழி என்று ஒன்று அங்கே உண்மையில் இல்லை. வெளியே உள்ள அரசு உதவி எண்ணையும் காவல் நிலைய எண்ணையும் பலகையில் முதலில் எழுதுவதுதான் நேர்மை.

வேலை உலகில் வன்முறை, தொல்லை பற்றிய சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 190-ஆம் உடன்படிக்கை 2019-இல் ஏற்கப்பட்டு 2021 ஜூன் 25-இல் நடைமுறைக்கு வந்தது. வேலைக்குப் போகும், திரும்பும் பயணமும், முதலாளி தரும் தங்குமிடமும் அதன் வரம்புக்குள் வருகின்றன. அதோடு வந்த 206-ஆம் பரிந்துரை இரவுப் பணியையும் தனித்து வேலை செய்வதையும் விருந்தோம்பல் துறையையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆபத்தைக் கணிக்கும்போது வாடிக்கையாளர் போன்ற வெளியாட்களையும் சேர்க்கச் சொல்கிறது. ஆகவே இவற்றின்படி பார்த்தால், வண்டியில் நடந்தது, விருந்தினர் செய்தது என்று சொல்லிப் புகாரைத் தள்ளுவதற்கு இடமில்லை.

முதல் அரை மணியில் செய்ய வேண்டியது இரண்டே. ஒன்று, எழுதுவது: எந்த நேரம், எந்த இடம், சொன்ன வார்த்தைகள் அப்படியே, யார் பார்த்தார்கள். ‘தகாத முறையில் நடந்துகொண்டார்’ என்று மேனேஜர் நாகரிகப்படுத்தி எழுதும் வரி விசாரணையில் எதற்கும் உதவாது. எழுதியதன் படம் ஒன்று அந்தப் பெண்ணிடமும் இருக்கட்டும். இரண்டு, கேமராப் பதிவைத் தனியாகப் பிரதி எடுப்பது. பதிவுக் கருவி நிரம்பியதும் பழையதன் மேலேயே புதியதை எழுதும். சில இடங்களில் இரண்டு வாரம், சில இடங்களில் ஒரு மாதம். குழு கூடித் தேதி வைத்துப் பதிவைக் கேட்கும் நாளில் அது அழிந்திருக்கும். எந்தக் கேமரா, எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை என்று அந்த இரவே குறித்துப் பிரித்து வைத்தால்தான் உண்டு. வண்டியின் ஜிபிஎஸ் பதிவுக்கும் இதே கதி. அது வண்டி நிறுவனத்திடம் இருப்பதால் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

பிறகு வருவது, நல்லெண்ணம் போலவே தோன்றும் ஒரு தவறு. ‘பாதுகாப்புக்காக’ அந்தப் பெண்ணைப் பகல் ஷிப்டுக்கோ வேறு பகுதிக்கோ மாற்றுவது. இரவுப் படியும் டிப்ஸும் போய்விடும். புகார் சொன்னால் வருமானம் குறையும் என்று மற்ற எல்லோருக்கும் ஒரே நாளில் புரிந்துவிடும். சிகாகோ விதியில் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது: அந்த விருந்தினர் தங்கியிருக்கும் காலம் வரை வேறு மாடியிலோ வேறு இடத்திலோ தற்காலிக வேலையைப் புகார் சொன்ன ஊழியருக்கு முன்வைக்க வேண்டும். தற்காலிகம் என்பது முக்கியம், முன்வைப்பது என்பதும் முக்கியம். ஏற்பதும் மறுப்பதும் அவர் விருப்பம். புகார் டிரைவர் மேலோ சக ஊழியர் மேலோ இருந்தால், விசாரணை முடியும் வரை இடம் மாற வேண்டியது புகாருக்கு ஆளானவர்தான்.

இந்த ஏற்பாடுகளெல்லாம் ஒரு ஹோட்டலில் நடக்கின்றனவா என்று பார்க்க விரும்பும் ஆய்வாளரோ சங்கப் பிரதிநிதியோ கொள்கைக் கோப்பைக் கேட்க வேண்டியதில்லை. போன வாரத்தில் ஏதாவது ஓர் இரவைச் சொல்லி மூன்று தாள்களைக் கேட்டால் போதும்: அன்றைய பஞ்ச் நேரங்கள், வண்டியின் டிரிப் ஷீட், ‘சேர்ந்தாச்சு’ பட்டியல். பஞ்ச் 11.45 என்றும் வண்டி 12.55 என்றும் இருந்தால் நடுவிலே எழுபது நிமிடம் அந்தப் பெண்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்கலாம். டிரிப் ஷீட்டில் இரண்டு பேரும் பட்டியலில் நாலு பேரும் இருந்தால், மற்ற இருவர் எப்படிப் போனார்கள் என்று கேட்கலாம்.